மோக்கா பாத்திரத்துடன் ஆறு ஆண்டுகள்: கருகல் வாடை ஒன்று, உலோகச் சுவை வேறு

கோவையில் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் ஆறு ஆண்டுகளாக ஒரு மோக்கா பாத்திரம் இருக்கிறது. எட்டுப் பட்டை கொண்ட அலுமினியப் பாத்திரம். மூன்று கப் அளவு. இத்தாலியக் கணக்கில் ஒரு கப் என்பது நம் டபராவில் கால் பங்குகூட வராது. 1933-இல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி வடிவமைத்த அதே அமைப்புதான்: கீழே தண்ணீர் அறை, நடுவில் பொடி நிரப்பும் புனல், மேலே காபி சேரும் அறை.

வாங்கிய முதல் மாதம் ஒரு நாள்கூட நல்ல காபி வரவில்லை. கருகிய வாடை; அதோடு நாக்கின் ஓரத்தில் பழைய சாவியைச் சப்பியது போன்ற ஒரு சுவை. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "டிகாஷனைக் கொதிக்கவிட்டாயா?" என்று கேட்டார். பித்தளை ஃபில்டரில் இறங்கும் டிகாஷனை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. நான் கொதிக்கவிடவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா சொன்னது சரி என்று பின்னால் புரிந்தது. பாத்திரம் என் கண்ணெதிரிலேயே அதைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது.

கீழ் அறையில் தண்ணீருக்கு மேலே கொஞ்சம் காற்று அடைபட்டிருக்கும். அடுப்பில் வைத்ததும் அந்தக் காற்று விரிகிறது. தண்ணீரிலிருந்து கிளம்பும் ஆவியும் அதோடு சேர்கிறது. இரண்டும் சேர்ந்து தண்ணீரை அழுத்த, அது புனலின் குழாய் வழியாக ஏறி, பொடியை நனைத்து, நடுத்தூணின் உச்சியிலிருந்து மேல் அறையில் வழிகிறது. எஸ்பிரஸோ இயந்திரம் 9 பார் அழுத்தத்தில் வேலை செய்கிறது. இங்கே பெரும்பாலும் ஒன்றரை பாரைக்கூடத் தாண்டாது.

பலரும் கவனிக்காத ஒரு செய்தி இதில் இருக்கிறது. தண்ணீர் மேலே ஏறுவதற்குக் கொதிக்க வேண்டிய அவசியம் இல்லை. சாதாரணத் தண்ணீர் ஊற்றி ஆரம்பித்தால், ஏறக்குறைய 70 டிகிரியிலேயே காற்றும் ஆவியுமாகச் சேர்ந்து போதுமான அழுத்தத்தைக் கொடுத்துவிடும். முதலில் வரும் காபி மிதமான சூட்டில் இறங்கியது. நேரம் போகப்போகக் கீழே சூடு ஏறுகிறது. கடைசியில் தண்ணீர் மட்டம் புனல் குழாயின் நுனிக்குக் கீழே போனதும், மிச்சத் தண்ணீருக்குப் பதிலாக 100 டிகிரியைத் தாண்டிய நீராவி பொடிக்குள் பாய்கிறது. அப்போதுதான் அந்தப் பெயர்பெற்ற "களக் களக்" சத்தம் கேட்கிறது. காபி தயார் என்று அறிவிக்கும் சத்தமாக அதைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் அது காபி கெடத் தொடங்கிவிட்டதன் சத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தேன். காபி வரவர, பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கி, சேர்ந்ததை ஒரு சிறு டம்ளரில் ஊற்றிவிட்டு மீண்டும் வைத்தேன். இப்படி மூன்று டம்ளர்கள். முதல் டம்ளர் கெட்டியாக, லேசான புளிப்போடு, பழுத்த வாசனையுடன் இருந்தது. இரண்டாவது நன்றாக இருந்தது, சற்றுக் கசப்பு. மூன்றாவது வெளிறிய வைக்கோல் நிறம். அதில் ஒரு வாய் குடித்ததும் முதல் மாதத்தில் நான் குடித்த அத்தனை கருகல் காபியும் நினைவுக்கு வந்தது. மூன்றையும் ஒன்றாகக் கலந்தால் அந்தக் கடைசி டம்ளரின் சுவைதான் மேலோங்கி நின்றது.

ஆகவே உண்மையில் பொடி கருகுவதில்லை. காபிக்கொட்டை வறுபடும்போதே 200 டிகிரியைத் தாண்டி வந்தது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை புனலுக்குள் சூடு அதில் பாதியை அதிகம் தாண்டாது. நாம் கருகல் என்று சொல்வது, நல்லதெல்லாம் கரைந்து முடிந்த பொடியிலிருந்து ஆவி பிழிந்தெடுக்கும் கடைசிக் கசப்பையும், சூடேறிய மேல் அறையின் சுவரில் தெறித்துக் கொதிக்கும் காபியையும் சேர்த்துத்தான்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். 140 மில்லி தண்ணீர். பாதுகாப்பு வால்வு எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். 16 கிராம் பொடியைப் புனலில் நிரப்பி, விரலால் மேற்பரப்பைச் சமப்படுத்துவதோடு சரி, ஒருபோதும் அழுத்துவதில்லை. விளிம்பில் ஒட்டிய பொடியைத் துடைத்துவிட்டு, இறுக்கமாகத் திருகி மூடுகிறேன். கைப்பிடியைப் பிடித்துத் திருகினால் அது நாளடைவில் ஆடிப்போகும். உடலைப் பிடித்துத் திருக வேண்டும்.

அடுப்பில் சிறிய பர்னர், சிம். தீ நாக்கு பாத்திரத்தின் அடிவட்டத்துக்கு வெளியே வரக் கூடாது. நம் கேஸ் அடுப்புகளின் தாங்கிகள் குக்கருக்கும் வாணலிக்கும் ஏற்றவை. இந்தச் சிறு பாத்திரம் அவற்றின் நடுவே சரிந்துவிடும். பாத்திரக் கடையில் கிடைக்கும் சிறிய கம்பி வளையம் ஒன்றை மேலே வைத்து அதன்மேல் நிறுத்துகிறேன். அது இல்லாத நாளில் பெரிய பர்னரின் ஓரத்தில் வைத்து, கைப்பிடியின் அடி உருகியதை ஒரு முறை பார்த்துவிட்டேன்.

மூடியைத் திறந்தே வைக்கிறேன். ஐந்தாறு நிமிடத்தில் தூணின் உச்சியில் கருஞ்சிவப்பாக முதல் வழிசல் தெரியும். சீராக, சத்தமில்லாமல் வழிய வேண்டும். பீறிட்டு அடித்தால் தீ அதிகம். நிறம் பனைவெல்லப் பாகிலிருந்து தேன் நிறத்துக்கு மாறும்; தேன் நிறம் வெளிறிக் குமிழிகள் தலைகாட்டும் அந்த நொடியில் பாத்திரத்தை எடுத்து, அடிப்பகுதியை நனைத்த துணியின்மேல் வைத்துவிடுகிறேன். கீழே உள்ள ஆவி குளிர்ந்து அழுத்தம் இறங்க, வழிவது நின்றுவிடும். மேலே சேர்ந்திருப்பது ஏறக்குறைய 85 மில்லி. பொடி 30 மில்லி அளவு உறிஞ்சிக்கொள்ளும். மிச்சம் 25 மில்லி கீழேயே இருக்கும். அந்த 25 மில்லி வீணாகிறதே என்று தோன்றும். அது கீழேயே கிடக்கட்டும். மேலே வந்திருந்தால் அதுதான் மூன்றாவது டம்ளர்.

கொதித்த தண்ணீரைக் கீழே ஊற்றி ஆரம்பிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள்; நானும் ஒரு வருடம் அப்படிச் செய்தேன். லேசாக வறுத்த கொட்டைக்கு அது பொருந்தும். ஆனால் சூடான தண்ணீரில் ஆரம்பித்தால், உள்ளே அடைபடும் காற்றே சூடாக இருப்பதால் அது மேலும் விரிந்து தரும் உதவி குறைவு; தண்ணீர் 90 டிகிரியை ஒட்டிய பிறகே ஏறும். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கரும்வறுவல் பொடிக்கு அந்தச் சூடு அதிகம். நான் சாதாரணத் தண்ணீருக்கே திரும்பிவிட்டேன். கசப்பு தெளிவாகக் குறைந்தது.

பொடியைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். சிக்கரி கலந்த ஃபில்டர் பொடியை இதில் போடாதீர்கள். சிக்கரி நனைந்து பசைபோல் இறுகும். தண்ணீர் போக வழியில்லாமல் கீழே சூடும் அழுத்தமும் ஏறும். காபி சொட்டுச் சொட்டாகக் கருகல் வாடையோடு வரும். வால்விலிருந்து ஆவி சீறினால் உடனே அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறிய பிறகே திறக்க வேண்டும். கடையில் நான் கேட்பது: பீபெரி, சிக்கரி இல்லாமல், பொடி உப்பு அளவுக்கு அரைத்தது. மாவு போல் அரைத்தால் அடைத்துக்கொள்ளும். ரவை போல் இருந்தால் தண்ணீர் ஓடிவிடும்.

இனி அந்த உலோகச் சுவை. தீயைச் சரிசெய்து கருகல் போன பிறகும் எனக்கு அது போகவில்லை. காரணத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. பொடி இல்லாமல் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி ஒரு முறை ஏற்றுங்கள். மேலே வந்த தண்ணீரை ஆறவைத்து, அதே குடத்துத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் குடித்துப் பாருங்கள். சுவை வேறுபட்டால் குற்றம் பாத்திரத்தில். இரண்டும் ஒன்றாக இருந்தால் தண்ணீரிலோ, பொடியிலோ, தீயிலோ தேட வேண்டும்.

எங்கள் வீட்டில் வேறுபட்டது. விசாரித்தபோது காரணம் தெரிந்தது: பாத்திரம் உள்ளே மங்கிப்போகிறதே என்று, அம்மா வாரம் ஒரு முறை பித்தளைப் பாத்திரங்களோடு சேர்த்து அதையும் புளியும் கம்பி நாரும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அலுமினியத்தின் மேல் காற்றுபட்டே உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் உலோகத்தைக் காபியிலிருந்து பிரித்து நிற்கிறது. புளியின் அமிலமும் கம்பி நாரும் அதை உரித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் காரமான தூளும் அப்படித்தான். அது மீண்டும் உருவாகும் என்றாலும், புதிதாக உரிந்த பாத்திரத்தில் சில நாள்கள் அந்தச் சாவிச் சுவை இருந்தே தீரும்.

தேய்ப்பதை நிறுத்தினோம். வெறும் தண்ணீரை இரண்டு முறையும், பழைய பொடியைப் போட்டு மூன்று முறையும் ஏற்றிக் கீழே கொட்டினேன். அந்த வாரத்துக்குள் சுவை போய்விட்டது. இப்போது ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கையால் அலசி, துணியால் துடைத்து, மூன்று பாகங்களையும் தனித்தனியாகக் காயவைக்கிறோம். ஈரத்தோடு திருகி மூடிவைத்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் விழும். மறுநாள் காபியில் அது தெரியும். ஆனால் அலசாமலே விடுவதும் தவறு. காபியின் எண்ணெய்ப் பிசின் வடிகட்டியின் அடியில் ஒட்டிச் சிக்கு வாடை பிடிக்கும். மாதம் ஒரு முறை ரப்பர் வளையத்தையும் வடிகட்டியையும் கழற்றி, அடியில் விரலால் தேய்த்துக் கழுவுகிறேன்.

அந்த வளையத்தை இதுவரை நான்கு முறை மாற்றியிருக்கிறேன். இணைப்பில் பழுப்புச் சொட்டு தெரிந்தாலோ "உஸ்" என்ற சத்தம் வந்தாலோ அதன் காலம் முடிந்தது என்று பொருள். ஆவி அங்கே கசிந்தால் அழுத்தம் சேராது. தண்ணீர் ஏறாமல் நேரம் மட்டும் ஓடும். கீழே சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு முறை மலிவாகக் கிடைத்த வளையத்தை வாங்கிப் போட்டேன். மூன்றே வாரத்தில் இறுகிப்போய், ரப்பர் வாடை காபியில் வந்தது. அதற்குப் பிறகு சிலிக்கான் வளையம்தான்.

தண்ணீரும் கணக்கில் உண்டு. சிறுவாணித் தண்ணீர் வரும் நாள்களில் காபி மென்மையாக இருக்கும். குழாயில் வராத வாரம் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் சுவை தட்டையாகிவிடும். கீழ் அறையில் வெள்ளை உப்பு படியும். அந்த உப்பு வால்வின் ஓட்டையை அடைத்துவிடக்கூடும் என்பதால், வால்வின் முனையை உள்ளிருந்து விரலால் அசைத்து, அது நகர்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. இந்தப் பாத்திரத்தைப் பாதி அளவில் பயன்படுத்த முடியாது. தண்ணீரையும் பொடியையும் பாதியாகக் குறைத்தால், தண்ணீர் சீக்கிரம் தீர்ந்து ஆவி முன்னதாகவே பாய்கிறது; பொடி புனலில் தளர்ந்து கிடப்பதால் ஒரு பக்கமாகவே வழி பிடித்துக்கொள்கிறது. அதனால் நான் மட்டும் இருக்கும் நாளிலும் முழு அளவே போடுகிறேன். பாதியை உடனே குடித்துவிடுவேன். மீதியை ஆறவைத்து மூடிவைத்து, மாலையில் அதைச் சுடவைக்காமல், நன்றாகக் காய்ச்சிய பாலை அதன்மேல் ஊற்றி ஆற்றிக்கொள்கிறேன். அம்மா இப்போது அதை வாங்கிக் குடிக்கிறார். டிகாஷன் பற்றிய கேள்வி எதுவும் வருவதில்லை.