18,500 ரூபாய்க்கு வளர்ந்த ஒரு இன்ச்

போன வருடம் கல்யாணம் நிச்சயமான கையோடு நான் ஏமாந்த கதை இது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏமாந்தவன் எவனும் வெளியே வாய் திறக்க மாட்டான் என்ற தைரியத்தில்தான் அந்தக் கடையே ஓடுகிறது.

ஆணுறுப்பு சின்னது, அதிலும் கொஞ்சம் இடப்பக்கம் வளைந்திருக்கிறது என்ற பயம் ஹாஸ்டல் நாளிலிருந்தே எனக்கு உண்டு. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'வாலிப வயோதிக அன்பர்களே' ரகப் போஸ்டர் ஒன்றைப் பார்த்து போன் செய்தேன். மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் அறை எடுத்துப் பார்க்கும் 'பரம்பரை வைத்தியர்'.

ஏசி போட்ட அறை. முன்பின் தெரியாத ஆள் முன்னால் பேன்ட்டைக் கழற்றி நிற்கிறேன். பயத்திலும் குளிரிலும் சுருங்கிக் கிடந்ததை, ஸ்கேலைத் தோலில் பட்டும் படாமலும் வைத்து அளந்தார். "ரெண்டே முக்கால் இன்ச்சுதான் தம்பி. ஆம்பளைக்கு ஏழாவது வேணும். கைப்பழக்கத்துல நரம்பு தளர்ந்து ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. இப்படியே கல்யாணம் பண்ணினா பொண்ணு ஒரே மாசத்துல அம்மா வீட்டுக்குப் போயிடும்." அந்தக் கடைசி வரிதான் என்னைச் சாய்த்தது. லேகியம், தைலம், மாத்திரை, ஒரு பிளாஸ்டிக் பம்ப், எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய். ரசீது கேட்கவும் தோன்றவில்லை.

அடுத்த மாதம் போனபோது முதலில் பம்ப் வைத்து இழுத்தார். பிறகு ஸ்கேலின் முனையை அடிவயிற்றில் வலிக்க அழுத்தி அளந்தார். மூன்றே முக்கால்! "ஒரு இன்ச் ஏறிடுச்சு பாருங்க" என்று இரண்டாவது கோர்ஸுக்கு 22,000 கேட்டார். அன்றைக்கு என் கையில் அவ்வளவு பணம் இல்லாததுதான் என் நல்ல நேரம்.

இதற்கிடையில் மாத்திரை போடும் நாளெல்லாம் முகம் சூடாகி, மூக்கடைத்து, தலை வலித்தது. பம்ப் வைத்த இடத்தில் சிவப்புப் புள்ளிகள். பயந்துபோய் அரசு மருத்துவமனையில் யூராலஜி டாக்டரைப் பார்த்தேன். மூலிகை என்று விற்கும் இந்த மாதிரி மாத்திரைகளில் வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபில் மருந்தைக் கலப்பது பழைய வேலை, உங்களுக்கு வந்ததும் அதன் அறிகுறி மாதிரிதான் இருக்கிறது என்றார். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர்கள் தெரியாமல் இதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாம்.

அப்புறம் அவரும் அளந்தார். உறுப்பை நீட்டிப் பிடித்து, மேல்புறமாக ஸ்கேலை எலும்பில் முட்டும் வரை அழுத்தி, நுனிவரை. 12.5 செ.மீ. லாட்ஜ்காரரின் சூட்சுமம் அப்போதுதான் புரிந்தது. முதல் தடவை சுருங்கியதைக் கொழுப்புக்கு மேலே அளந்தார், இரண்டாம் தடவை இழுத்துவிட்டதை எலும்பிலிருந்து அளந்தார். வளர்ந்தது ஸ்கேலை வைத்த விதம்தான்.

2015இல் லண்டன் ஆய்வாளர்கள், மருத்துவப் பணியாளர்கள் கையால் அளந்த சுமார் 15,000 ஆண்களின் கணக்கைத் தொகுத்து வெளியிட்டார்கள். சராசரி தளர்ந்த நிலையில் 9.16 செ.மீ., விறைத்த நிலையில் 13.12 செ.மீ., அதாவது ஐந்து இன்ச்சைக் கொஞ்சம் தாண்டும். அந்தக் கணக்குப்படி ஏழு இன்ச் நூற்றில் ஒருவருக்குக்கூட இருப்பது சந்தேகம். தளர்ந்திருக்கும்போது உள்ள நீளத்தை வைத்து விறைக்கும்போது எவ்வளவு என்று சொல்லவும் முடியாது. நீட்டி அளந்து ஏறக்குறைய 7.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால்தான் மருத்துவத்தில் அதைச் சிறியது என்பார்கள். வயதுக்கு வந்ததிலிருந்தே இருக்கும், வலிக்காத லேசான வளைவு ஒன்றுமே இல்லை, அதற்கும் கைப்பழக்கத்துக்கும் சம்பந்தமும் இல்லை. புதிதாக வளைந்து, வலியோ உள்ளே கட்டியோ தெரிந்தால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று, உறுப்பின் அளவையும் வடிவத்தையும் சரிசெய்வதாகச் சொல்லி மருந்து விற்பதையே நம் நாட்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணை தடுக்கிறது. போஸ்டரே குற்றம்.

கல்யாணமாகி மூன்று மாதம் கழித்து என் மனைவி அலமாரியில் அந்தப் பம்பைப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது, சைக்கிளுக்குக் காத்தடிக்கவா?" உண்மையைச் சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு, "அளவைப் பத்தி நான் நினைச்சதே இல்லை. நீங்கதான் பரீட்சை எழுதுற மாதிரி அவசரப்படுறீங்க" என்றாள். சுருக்கென்றது, ஆனால் சரிதான். பெண்ணின் உணர்ச்சி நரம்புகள் அதிகம் இருப்பது யோனிக்கு மேலே சின்ன மொட்டு மாதிரி இருக்கும் கிளிட்டோரிஸிலும் யோனி வாசலை ஒட்டிய பகுதியிலும். ஆழத்தில் குறைவு. 2006இல் 52,000 பேரிடம் எடுத்த ஒரு சர்வேயில் பெண்களில் 85 சதவீதம் பேர் துணைவரின் அளவில் திருப்தி என்றார்கள். தங்கள் அளவில் திருப்தி என்ற ஆண்கள் 55 சதவீதம்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று அந்த எண்ணுக்கு அடித்தேன், உபயோகத்தில் இல்லை. லாட்ஜ் மேனேஜர், "அவர் இப்ப வர்றதில்லையே சார்" என்றார். வெளியே வந்தால் எதிர்ச் சுவரில் அதே போஸ்டர், வேறு நம்பரோடு, பசை காயாமல் இருந்தது.