கிரஷரில் பங்கா, காலேஜ் பழக்கமா?

மதுரையில் ஒரு மத்திய அரசு அலுவலகம் சுற்றுச்சுவர் கட்ட டெண்டர் விடுகிறது, மேலூர்ப் பக்கம் ஜல்லி கிரஷர் வைத்திருக்கும் ஒருவரும் விலை போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் கமிட்டியில் இரண்டு என்ஜினியர்கள். ஒருவருடைய மனைவிக்கு அந்த கிரஷரில் நூற்றுக்கு இரண்டு பங்கு, வருகிற லாபம் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்கே பத்தாது. இன்னொருவர் கிரஷர்காரரோடு காலேஜில் ஒன்றாகப் படித்தவர், எங்கே பார்த்தாலும் "என்ன மாப்ளே" என்பார்.

டீக்கடையில் கேட்டால் மாப்ளேயைத்தான் சந்தேகப்படுவார்கள். ரெண்டு பங்குக்காகவா ஒரு மனுஷன் வளைந்து கொடுப்பான் என்று மற்றவரை விட்டுவிடுவார்கள்.

விதி அப்படியே தலைகீழ். 1964-ஆம் ஆண்டின் மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளில் 4-வது விதி, குடும்பத்தில் ஒருவருக்கு அந்த ஒப்பந்தத்தில் அக்கறை இருந்தாலே ஊழியர் அந்த விஷயத்தைத் தொடக்கூடாது, மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது. எத்தனை சதவீதம் என்ற பேச்சே இல்லை. தொழில் ஒழுங்கீனப் புகாரில் விசாரிக்கப்பட்ட வக்கீல் மானக் லாலின் வழக்கில் 1957-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான்: பண நலன் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தகுதி போய்விடும். அவர் நிஜமாகவே சாய்ந்தாரா என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பழக்கத்துக்கு அளவுகோல் வேறு. எதிர்த்தரப்பில் நிற்கும் ஒருவர் நியாயமாகவே பயப்படும் அளவுக்கு நெருக்கமா என்று பார்ப்பார்கள். ஒரே காலேஜ், ஒரே தெரு என்பதெல்லாம் அதற்குப் போதாது, இல்லையென்றால் நம்ம ஊரில் ஒரு கமிட்டியும் கூட முடியாது! ஆனாலும் பழக்கம் இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லது.

சிக்கல் மொய்யில்தான். மாப்ளே வீட்டுக் காதுகுத்துக்கு கிரஷர்காரர் ஐம்பதாயிரம் எழுதுகிறார். நம் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு மட்டுமா, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு, நோட்டில் பேரோடு நிற்கும். விசேஷத்துக்கு நண்பர்களிடம் பரிசு வாங்க நடத்தை விதி இடம் கொடுக்கிறது, ஆனால் அலுவல் தொடர்பு இல்லாத நண்பர்களிடம் மட்டும்தான். டெண்டர் போட்டவர் அதில் வரமாட்டார். சாப்பிட்ட பந்தி பரிசுக் கணக்கில் வராது, கவர் வரும். அந்த கவரை வாங்கிய நாளிலிருந்து இவரும் வெறும் பழக்கக்காரர் இல்லை.

போட்டியில் நிற்கும் மற்ற ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தன்னை விசாரித்த குழுவின் தலைவர் முன்பு புகார் கொடுத்தவருக்கு வக்கீலாக இருந்தது தெரிந்தும் மானக் லால் ஆரம்பத்தில் வாய் திறக்கவில்லை. அந்தத் தலைவர் அங்கே இருந்திருக்கக்கூடாது என்று கோர்ட் ஒத்துக்கொண்டும் மானக் லால் தோற்றார். பங்கு விஷயம் காதில் விழுந்தால் விலைக் கவரைப் பிரிப்பதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.