தள்ளுபடியா, முழு விலையா: அல்சூரில் இரண்டு டிபன் கடைகளின் கணக்கு

பெங்களூரு அல்சூரில் ஒரே தெருவில் செல்வி கடை, முருகேசன் கடை என்று இரண்டு டிபன் கடைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டெலிவரி ஆப்பில் அந்தத் தெருவுக்கு ஒரு நாளைக்கு 200 மசால் தோசை பார்சல் போகிறது. விலை 80 ரூபாய், அடக்கம் 50. அடுத்த நாளுக்கு 10 ரூபாய் தள்ளுபடி போடுவதா வேண்டாமா என்று இருவரும் முந்தின இரவே முடிவு செய்ய வேண்டும். அடுத்தவர் என்ன முடிவெடுத்தார் என்பது காலையில்தான் தெரியும். இருவரும் ஒரே விலை வைத்தால் ஆளுக்கு 100 பார்சல். ஒருவர் மட்டும் தள்ளுபடி போட்டால் 170 பார்சல் அவருக்குப் போய்விடும்.

| செல்வி | முருகேசன் | செல்வியின் லாபம் | முருகேசனின் லாபம் |
|---|---|---|---|
| முழு விலை | முழு விலை | 3000 | 3000 |
| தள்ளுபடி | முழு விலை | 3400 | 900 |
| முழு விலை | தள்ளுபடி | 900 | 3400 |
| தள்ளுபடி | தள்ளுபடி | 2000 | 2000 |

செல்வியின் இடத்திலிருந்து பார்ப்போம். முருகேசன் முழு விலையில் நின்றால், தள்ளுபடி 3400 தருகிறது, முழு விலை 3000தான். அவர் தள்ளுபடி போட்டாலும் தள்ளுபடிக்கு 2000, முழு விலைக்கு 900. எப்படிப் பார்த்தாலும் தள்ளுபடியே மேல். முருகேசனும் இதே கணக்கைத்தான் போடுவார். ஆளுக்கு 3000 கிடைத்திருக்க வேண்டிய நாளில் இருவரும் 2000 எடுத்துக்கொண்டு கடையைச் சாத்துகிறார்கள். கணக்கில் பிசகு எதுவும் இல்லை.

நம்பிக்கை இல்லாததால் வந்த வினை என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. முருகேசன் வாக்குத் தவறமாட்டார் என்று செல்விக்கு நூறு சதவீதம் தெரிந்தாலும், அப்போதும் 3400 என்பது 3000-ஐ விட அதிகம்தான். 1950-இல் கணிதவியலாளர்கள் மெரில் ஃபிளட், மெல்வின் டிரெஷர் இருவரும் அமைத்த விளையாட்டுக்கு இன்னொரு கணிதவியலாளர் ஆல்பர்ட் டக்கர் இரண்டு கைதிகளின் கதையைப் பொருத்தினார்; 'கைதிகளின் சிக்கல்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். அதிலும் இதுதான் சிக்கல்.

இனி வெளியே வரும் வழிகள். முதலாவது, வாய்ப்பேச்சு. "அண்ணே, இந்த வாரம் ரெண்டு பேருமே தள்ளுபடி போட வேண்டாம்." "சரிம்மா." இது தாங்குமா என்பதை 150 என்ற எண் சொல்லிவிடும். தனியாகத் தள்ளுபடி போடுபவருக்கு 140 பார்சல்தான் வரும் என்றால் லாபம் 2800, வாக்கைக் காப்பதே அவருக்கு நல்லது. 150-இல் சரிசமம். அதைத் தாண்டினால் அந்த "சரிம்மா" இரவோடு இரவாகக் கரைந்துவிடும். ஆகவே சிக்கல் உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அபராதம். தள்ளுபடி போட்டால் 500 ரூபாய் கட்ட வேண்டும் என்று வைத்தால் என்ன ஆகும்? அடுத்தவர் முழு விலையில் நிற்கும்போது இது போதும்: 3400 இப்போது 2900 ஆகிவிடும். அடுத்தவர் தள்ளுபடி போடுவார் என்ற பயம் வந்துவிட்டால் போதாது. அபராதம் கட்டிய பிறகும் 1500 நிற்கிறது, முழு விலையில் நின்றால் 900தான். அந்தப் பயத்தையும் வெல்ல அபராதம் 1100-ஐத் தாண்ட வேண்டும். ஆனால் போட்டியாளர்கள் இப்படி விலை பேசி வைப்பதை 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடுக்கிறது, ஒப்பந்தமும் செல்லாது. தோசை வாங்குபவர் பக்கம் நின்றால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைக்காரர்கள் சிக்கலிலேயே இருந்தால்தான் அவருக்கு 70 ரூபாய்க்குக் கிடைக்கும்.

மூன்றாவது, எந்தப் பேச்சும் இல்லாமல், நாளையும் எதிர்க்கடை இருக்கும் என்பதையே நம்புவது. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஆக்ஸல்ராட், தனக்கு வந்த 14 கணினி நிரல்களை இதே விளையாட்டில் திரும்பத் திரும்ப மோதவிட்ட முதல் போட்டியில், அனடோல் ராப்போபோர்ட்டின் 'பதிலுக்குப் பதில்' வென்றது. முதலில் ஒத்துழை, பிறகு எதிராளி நேற்றுச் செய்ததை இன்று செய் என்பதே அதன் விதி. நம் கடைகளில் இன்று ஏமாற்றினால் 400 கூடும், அதன்பின் இருவரும் தள்ளுபடியில் மாட்டிக்கொண்டால் நாளொன்றுக்கு 1000 போகும். அதனால் முழு விலை இங்கே நிற்க வாய்ப்பு அதிகம்.

இது உடைவது இரண்டு இடங்களில். முருகேசன் மார்ச் 31-இல் கடையைக் காலி செய்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தால், 31-ஆம் தேதி தண்டிக்க மறுநாள் இல்லை, இருவரும் தள்ளுபடி போடுவார்கள். அப்படியானால் 30-ஆம் தேதி ஒழுங்காக இருந்தும் பலனில்லை. இப்படியே பின்னோக்கி முதல் நாள் வரை கணக்கு சரிந்துவிடும்.

இன்னொன்று, தவறான சமிக்ஞை. ஆப்பில் முருகேசனின் பழைய சலுகை ஒன்று அணைக்கப்படாமல் ஒரு நாள் ஓடிவிட்டால், பதிலுக்குப் பதில் விதியில் மறுநாள் செல்வி தள்ளுபடி, அதற்கு மறுநாள் முருகேசன் என்று மாறி மாறிப் போகும். ஒரு நாள் 3400, ஒரு நாள் 900, சராசரி 2150. கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒன்றுவிட்டு ஒன்று ஏறி இறங்கினால் எதிர்க்கடையின் பேராசை காரணமாக இருக்க வேண்டியதில்லை. தன் முறை வரும்போது யாராவது ஒருவர் ஒரே ஒரு நாள் பதிலடி கொடுக்காமல் விட்டால், அன்றே இருவரும் 3000-க்குத் திரும்பிவிடுவார்கள்.