கார் வாஷ் மோடு: டெஸ்லா, மெர்சிடிஸ், ஹோண்டா மூன்றிலும் என்னதான் நடக்கிறது?

புதுக் காரின் திரையில் "கார் வாஷ் மோடு" இருக்கிறது என்று சேல்ஸ்மேன் சொன்னதும், பட்டனை அழுத்தினால் மீதியைக் கார் பார்த்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவிலோ கனடாவிலோ தண்டவாளம் மாதிரி ஒரு பாதையில் காரை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தபடியே மறுமுனைக்குப் போகும் டனல் வாஷுக்கு இந்த நினைப்போடு போனால் சிக்கல்தான். ஒவ்வொரு கம்பெனியும் இந்தப் பெயரில் வேறு வேறு வேலையைச் செய்து வைத்திருக்கிறது. ஒன்று எல்லாவற்றையும் மூடும், ஆனால் இன்னொரு பட்டனைத் தொடும்வரை கார் உருளாது. இன்னொன்று உருள மட்டும் விடும், எதையும் மூடாது.

அதற்கு முன், ஆட்டோமேட்டிக் வாஷிலேயே இரண்டு வகை இருப்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெட்ரோல் பங்க் பக்கத்தில் இருக்கும் ஒற்றை அறை வாஷில் கார் நிற்கும், மெஷின்தான் முன்னும் பின்னும் போய்வரும். அங்கே கியர் பார்க்கில் இருக்க வேண்டும். டனல் வாஷில் மெஷின் நின்ற இடத்திலேயே நிற்கும், தரையிலிருந்து எழும்பி வரும் ஓர் உருளை சக்கரத்தைப் பின்னாலிருந்து தள்ளித்தள்ளிக் காரை நகர்த்தும். அங்கே கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பிரேக் எதுவும் பிடித்திருக்கக் கூடாது. இதில் மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? டனல் நடுவே கார் தானாகப் பார்க்குக்குப் போனால் உருளை சக்கரத்தைத் தள்ளப் பார்த்து, முடியாமல் அடியில் நழுவி ஓடிவிடும், கார் நின்ற இடத்திலேயே நிற்கும், பின்னால் வரும் கார் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கும். ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்தால் சீட் நனையும், அவ்வளவுதான். கார் நின்றுபோனால் பம்பர் போகும். அதனால் ஒரு கார் வாஷ் மோடை எடை போடும்போது நான் முதலில் கேட்பது "இது நியூட்ரலைக் காப்பாற்றுமா?" என்பதைத்தான்.

டெஸ்லாவிலிருந்து ஆரம்பிப்போம், பட்டியல் அதில்தான் நீளம். கார் நின்றிருக்க வேண்டும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. திரையில் Controls > Service > Car Wash Mode என்று போய்த் தொட்டால் ஜன்னல்கள் எல்லாம் ஏறி மூடும், சார்ஜ் போர்ட் மூடி பூட்டிக்கொள்ளும், வைப்பர் வேலை செய்யாது, நிறுத்திய காரைக் கேமராவால் காவல் காக்கும் சென்ட்ரி மோடு அணையும், காரைவிட்டு நடந்து போனால் தானாகப் பூட்டும் வசதி நிற்கும், பார்க்கிங் சென்சாரின் பீப் சத்தமும் அடங்கும். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆட்டோவில் விட்ட வைப்பர் கண்ணாடியில் தண்ணீர் பட்டதும் மழை என்று நினைத்து ஓட ஆரம்பிக்கும், அந்த நேரம் மேலே பிரஷ் இறங்கினால் வைப்பர் கை வளையும் அல்லது முறியும். சென்ட்ரி மோடு அணையாவிட்டால் சுற்றிலும் ஆடும் துணிகளையெல்லாம் யாரோ காரை நெருங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆனால் இத்தனையும் செய்த பிறகும் கார் நியூட்ரலில் இல்லை. டனலுக்குப் போகிறவர்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டு, அதே திரையில் வரும் Enable Free Roll என்பதைத் தனியாகத் தொட வேண்டும். அப்போதுதான் நியூட்ரலுக்குப் போகும். அதைவிட முக்கியம், சீட்டைவிட்டு எழுந்தாலும் பார்க்குக்குத் தாவாமல் இருக்கும். மற்ற நேரங்களில் டெஸ்லா ஓட்டுநர் சீட்டை விட்டு எழுந்துவிட்டார் என்று தெரிந்தாலே தானாகப் பார்க் போட்டுவிடும். சாலையில் அது நல்ல பழக்கம்தான், டனலில் பின்சீட்டில் அழும் குழந்தைக்கு பாட்டில் எடுத்துக்கொடுக்க பெல்ட்டைக் கழற்றி எழுந்தால் அதே பழக்கம் வினையாகும். வெளியே வந்து வேகம் மணிக்கு 15 கி.மீ. தாண்டினால் மோடு தானாக விலகும், அணைக்க மறந்தாலும் பாதகமில்லை.

இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டோமேட்டிக் வாஷுக்குப் போவதானால் பிரஷ் படாத டச்லெஸ் வகைக்கு மட்டும் போங்கள் என்று டெஸ்லாவின் மேனுவலே சொல்கிறது, வாஷில் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி இல்லை என்றும் சொல்கிறது. டச்லெஸ் வாஷில் பெரும்பாலானவை கார் நிற்கும் ஒற்றை அறை வகை, அங்கே ஃப்ரீ ரோலே தேவையில்லை. உருளை தள்ளும் டனல்களோ பெரும்பாலும் துணியோ ஃபோமோ தேய்ப்பவை. ஆக, ஃப்ரீ ரோல் அதிகம் உதவும் இடம் மேனுவல் போகாதே என்று சொல்லும் இடம்தான். டச்லெஸ் என்றதும் நிம்மதியாகிவிடவும் முடியாது, தேய்க்காமல் அழுக்கை எடுக்க வேண்டுமென்றால் ரசாயனம் கடுமையாக இருக்க வேண்டும். pH 13-க்கு மேல் போகும் காரத் திரவங்களைத் தவிர்க்கச் சொல்வதும் அதே மேனுவல்தான்.

அடுத்தது மெர்சிடிஸ். 2019-இல் வந்த ஜிஎல்எஸ் எஸ்யூவியில் அவர்கள் கொடுத்த கார்வாஷ் வசதி, ஒரு பெரிய வண்டியைக் குறுகிய வாஷுக்குள் எப்படி நுழைப்பது என்று யோசித்துச் செய்தது. பட்டனைத் தொட்டால் ஏர் சஸ்பென்ஷன் காரை அதன் உச்ச உயரத்துக்குத் தூக்கும். தூக்கும்போது சக்கரங்கள் கொஞ்சம் உள்வாங்கி, இடது வலது டயர்களுக்கு இடையிலான அகலம் குறையும். அதனால் வாஷின் வழிகாட்டும் கம்பிகளுக்கு நடுவே டயர் உரசாமல் ஏறும், போதாததற்கு மட்கார்டு உள்ளே ஒட்டியிருக்கும் சேறும் நன்றாகக் கழுவப்படும். பக்கக் கண்ணாடிகள் மடங்கும், ஜன்னலும் சன்ரூஃபும் மூடும், மழை சென்சாரின் பேச்சை வைப்பர் கேட்காது, ஏசி உள்காற்றைச் சுழற்றும் நிலைக்கு மாறும், 8 விநாடி கழித்து முன்பக்கக் கேமராப் படம் திரையில் வந்து பாதையைக் காட்டும். 20 கி.மீ. வேகம் தாண்டியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். டெஸ்லாவில் இல்லாத இரண்டு விஷயம் இதில் எனக்குப் பிடித்தது, கண்ணாடியை மடக்குவதும் ஏசியை மாற்றுவதும். வெளிக்காற்றை இழுக்கும் நிலையில் விட்டால் வாக்ஸ் வாசனை காருக்குள் நெடுநேரம் நிற்கும். ஆனால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுபோவது ஓட்டுநர் வேலை, கார் நின்றபின் காலை எடுத்தாலும் பிரேக்கைப் பிடித்தே வைத்திருக்கும் ஹோல்டை விடுவிப்பதும் அவர் வேலை.

மூன்றாவது ஹோண்டா, இதில்தான் பலர் ஏமாறுவது. பட்டன் கியர் வைத்த ஹோண்டாக்களின் மேனுவலிலும் "கார் வாஷ் மோடு" என்றே இருக்கிறது. அது செய்வது ஒரே ஒரு வேலை. பிரேக்கை மிதித்துக்கொண்டு N அழுத்தி, 5 விநாடிக்குள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் இன்ஜின் அணைந்து, மின்வசதிகள் மட்டும் ஓடும் அக்சசரி நிலையில் கார் நியூட்ரலிலேயே 15 நிமிடம் இருக்கும். அதன் பிறகு தானாகப் பார்க்குக்குப் போய் அணைந்துவிடும். சனிக்கிழமை காலையில் டனல் நடுவே லைன் நின்றுபோனால் இந்த 15 நிமிடம் ஞாபகத்தில் இருக்க வேண்டும். ஜன்னல், கண்ணாடி, வைப்பர் எதையும் இது தொடாது, எல்லாம் உங்கள் கையில்.

ஹூண்டாயின் பல மாடல்களில் இதற்குப் பெயரே இல்லை, வழி மட்டும் இருக்கிறது. எலக்ட்ரானிக் கியர் உள்ள மாடல்களில் நியூட்ரலில் வைத்து அப்படியே ஆஃப் செய்தால் பார்க்குக்குப் போய்விடும். ஒருவர் தன் காரோடு டனல் வாசலில் நிற்கிறார், ஊழியர் "இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள்" என்கிறார் என்று வையுங்கள். முதலில் ஆட்டோ ஹோல்டை அணைக்க வேண்டும், பிறகு ஹேண்ட்பிரேக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி N போட்டதும், நியூட்ரலில் வைக்க OK பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீட்டரில் செய்தி வரும். ஸ்டியரிங்கில் இருக்கும் OK-வை ஒரு விநாடிக்கு மேல் பிடித்தால் கார் நியூட்ரலில் இருக்கும் என்று உறுதி சொல்லும், அதன் பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஆஃப். செய்தி வரவில்லை என்றால் ஹோல்டோ ஹேண்ட்பிரேக்கோ இன்னும் பிடித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். இறங்காமல் உள்ளேயே இருக்கச் சொன்னால் இத்தனை வேலை இல்லை. காரை ஆனில் விட்டு, ஹோல்டை அணைத்து, N போட்டு, காலை எல்லா பெடலிலிருந்தும் எடுத்து, கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

இந்த ஆட்டோ ஹோல்ட் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். சிக்னலில் கால் வலிக்காமல் இருக்க ஒரு தடவை போட்டு வைத்துவிட்டு, அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிடுவோம். அது பிடித்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றினாலோ கதவைத் திறந்தாலோ பல கார்களில் எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் தானாக ஏறிவிடும். இதேபோல் மோதலைத் தடுக்கும் தானியங்கி பிரேக்கையும் வாஷுக்கு முன் அணைக்கச் சொல்லி டொயோட்டாவின் மேனுவல் கேட்கிறது. எதிரே தொங்கும் துணித்திரையை சென்சார் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

தமிழ்நாட்டில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடையில் கையால் கழுவுவதால் நியூட்ரல் கவலை கிடையாது. அங்கே பிரச்சினை சாவிதான். ஸ்மார்ட் கீயைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காரை ஒட்டியே நின்றால், கைப்பிடியில் வேகமாகத் தண்ணீர் அடிக்கும்போது கார் அதைக் கை பட்டதாக எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டிப் பூட்டித் திறக்கும். 2 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அழுத்தித் திறக்கும் பெட்ரோல் மூடி உள்ள கார்களில் கதவு பூட்டாமல் இருந்தால் மூடியும் திறந்துகொள்ளலாம்.

சரி, எது தேவலாம்? டனலுக்கு அடிக்கடி போகிறவருக்கு டெஸ்லாதான் என் ஓட்டு, இரண்டாவது பட்டனை மறக்காதவரை. அகலமான வண்டிக்கு மெர்சிடிஸின் யோசனை புத்திசாலித்தனம். ஹோண்டா, ஹூண்டாய்க்காரர்கள் வரிசையில் நிற்கும்போதே வைப்பரை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்குக் கொண்டுவந்து, பின் வைப்பர் இருந்தால் அதையும் பார்த்து, கண்ணாடியை மடக்கி, கதவுகளை உள்ளிருந்து பூட்டி, ஏசியை உள்சுழற்சியில் வைத்துவிட்டால், மோடு உள்ள காருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. வெளியே வந்ததும்தான் வித்தியாசம் தெரியும். மோடு தானாக விலகிக்கொள்ளும், கையால் அணைத்தவற்றைக் கையால்தான் திரும்பப் போட வேண்டும், அதிலும் ஆட்டோ வைப்பர் அடுத்த மழை வரை ஞாபகத்துக்கே வராது. அப்புறம், டிஸ்க் நனைந்திருக்கும், ரோட்டில் ஏறும் முன் மெதுவாக இரண்டு மூன்று தடவை பிரேக்கை அழுத்தி விட்டுவிட்டுப் போங்கள்.