நிழல் விழாத தையல் மூலை: நான்கு வருட அனுபவம்

படுக்கையறையின் ஒரு மூலையைத் தையலுக்கென்று ஒதுக்கி நான்கு வருடங்கள் ஆகின்றன. ரவிக்கை, சுடிதார், புடவைக்கு ஃபால்ஸ் என்று தினமும் நான்கு மணி நேரமாவது அங்கே வேலை நடக்கிறது. இதற்குள் மேசையை ஒருமுறை பலப்படுத்தினேன், விளக்கை மூன்று முறை இடம் மாற்றினேன். விளக்கு விஷயத்தில்தான் அதிகம் தவறினேன் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

தொடக்கத்தில் வெளிச்சம் என்றாலே வாட் என்றுதான் நினைத்தேன். அறையில் நான்கடி எல்இடி டியூப் லைட் நன்றாகவே எரிந்தது. ஆனால் அது என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில் இருந்தது. குனிந்தால் என் தலை நிழல் சரியாக ஊசியின் மேல் விழும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது தையல் நேராகப் போகிறதா என்பதை விரலால் தடவித்தான் பார்ப்பேன். கூடுதல் வாட் டியூபை மாட்டினேன். நிழலும் கூடவே அழுத்தமானது.

அடுத்து, வளைக்கும் கழுத்துள்ள மேசை விளக்கு ஒன்றை வலப்பக்கம் வைத்தேன். அதுவும் உதவவில்லை. மெஷினின் கனமான உடம்பு வலப்பக்கம்தான் நிற்கிறது. அங்கிருந்து வரும் ஒளியை அதுவே மறைத்து, பிரஷர் ஃபுட்டுக்கு முன்னால் இருட்டாக்கிவிடும். விளக்கை இடப்பக்கம் மாற்றியவுடன் ஊசிமுனை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் துணியைத் தள்ளும் இடது கையின் நிழல் மிஞ்சியது.

அதைப் போக்கியது மூன்றாவது மாற்றம். டியூப் லைட்டை முதுகுச் சுவரிலிருந்து கழற்றி, மெஷினுக்கு எதிர்ச்சுவரில் இருக்கும் அலமாரிப் பலகையின் அடியில், மேசையிலிருந்து இரண்டடி உயரத்தில் பொருத்தினேன். நீளமான விளக்கு என்பதால் கை ஒரு பகுதியை மறைத்தாலும் மற்றப் பகுதியிலிருந்து ஒளி வந்துவிடுகிறது. இடப்பக்க விளக்கின் நிழலை இது வெளுக்க வைக்கிறது, இதன் நிழலை அது. ஒரு சிக்கல் மட்டும் வந்தது: எதிரிலிருந்து வரும் ஒளி பளபளப்பான ஊசித் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூசியது. விளக்கைப் பலகையின் முன்விளிம்புக்கு, அதாவது என் பக்கமாக, நகர்த்தி, இரண்டங்குல மரச்சட்டத்தை மறைப்பாக அடித்த பிறகு சரியானது.

உங்கள் மேசையில் சோதிக்க ஒரு பென்சில் போதும். ஊசிக்கு அருகே நிறுத்திப் பாருங்கள். விளிம்பு கூர்மையான ஒரே கறுப்பு நிழல் விழுந்தால் ஒளி ஒரே இடத்திலிருந்து வருகிறது. மங்கலாக இரண்டு மூன்று நிழல்கள் விழுந்தால் நல்லது.

விளக்கு வாங்கும்போது, அதன் ஒளி நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. எண்ணை அட்டைப்பெட்டியில் பாருங்கள். சாதாரண எல்இடிகளில் இது 80 அளவில் இருக்கும். அப்படி ஒரு விளக்கில் இரவில் அரக்கு நிறப் பட்டுக்கு நூல் தேர்ந்தெடுத்துத் தைத்தேன். காலை வெயிலில் நூல் பழுப்பாகத் தெரிந்தது, முழு ரவிக்கையையும் பிரித்தேன். இப்போது இடப்பக்க விளக்கு 90க்கு மேல். இருந்தாலும் பட்டுக்கு நூலைப் பகலில்தான் எடுக்கிறேன்.

மேசை ஆசாரி செய்து கொடுத்தது: நான்கடிக்கு இரண்டடி, 19 மி.மீ. பிளைவுட், முப்பது அங்குல உயரம். பலகையில் குறையில்லை, கால்களில்தான் குறை. மோட்டாரை வேகமாக ஓட்டினால் மேசை பக்கவாட்டில் ஆடி, பாபின்கள் உருண்டு விழும். மேலே ஒரு தம்ளர் தண்ணீர் வைத்து ஓட்டினால் ஆட்டம் எவ்வளவு என்று தெரியும். முதலில் எல் ஆங்கிள் வைத்துச் சுவரோடு பிணைத்தேன். ஆட்டம் நின்றது, ஆனால் சத்தம் சுவர் வழியே பக்கத்து வீட்டுக்குப் போனது. அதைக் கழற்றிவிட்டுப் பின்கால்களுக்கு இடையே குறுக்குச் சட்டம் ஒன்றைச் சாய்வாக அடித்து, நான்கு கால்களுக்கும் அடியில் ரப்பர் வைத்தேன். மூன்று வருடங்களாக அசைவில்லை. மெஷினை மேசையின் வலது ஓரத்தில் வைப்பது முக்கியம். இடப்பக்கம் இடம் இருந்தால்தான் துணியின் கனம் தொங்கி ஊசியை இழுக்காது.

பொருள் வைக்கும் ஏற்பாடு எளிமையானது. நூல்கண்டுகளை முதலில் ஜன்னலருகே ஆணிகளில் அழகாக மாட்டியிருந்தேன். வெயிலில் நிறம் வெளுத்து, தூசியும் படிந்தது. இப்போது மூடியுள்ள பெட்டிகளில் நிறவாரியாக இருக்கின்றன. துணிக் கத்தரி மட்டும் கைக்கெட்டும் கொக்கியில் தொங்குகிறது. காகிதம் வெட்ட யாரும் எடுக்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம்.

இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. உட்கார்ந்து தைக்கச் சரியான உயரம் நின்று வெட்டத் தாழ்வாக இருக்கிறது. அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சமையலறைக் கிரானைட் மேடையை இரண்டு முறை துடைத்து, பழைய பெட்ஷீட் விரித்து, அங்கேதான் வெட்டுகிறேன்.