ஐஸ் படாத கரும்புச்சாறு: காயில் பெட்டியும் ஒரு சாண் குழாயும்

மார்த்தாண்டத்தில் கரும்புச்சாற்றுக் கடை போடவிருக்கும் நண்பர் ஒருவர், திங்கள்சந்தையில் என் கடையில் நான் வைத்திருக்கும், ஐஸுக்குள் குழாய்ச் சுருளை வைத்துச் சாற்றைக் குளிர்விக்கும் காயில் பெட்டியைப் போல ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். அந்தப் பெட்டியின் குழாயை வெல்டிங் பட்டறையில் வெட்டித் திருத்தி எடுத்து வந்த நேரத்தில் அவர் கேட்டதால், எரிச்சல் இன்னும் தணியாமல்தான் இதை எழுதுகிறேன். பெட்டியைச் செய்து விற்றவர்கள் யார் என்று சொல்லப் போவதில்லை. இதே குறை வேறு பட்டறைப் பெட்டிகளிலும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மெஷினில் பிழிந்த சாறு இரண்டு வடிகட்டி தாண்டி மேல் தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து, ஐஸ் பெட்டிக்குள் சுருளாக நிற்கும் பத்து மீட்டர் ஸ்டீல் குழாய் வழியாக இறங்கி, பெட்டிக்கு வெளியே உள்ள திருகுக் குழாயில் குளிர்ந்து வருகிறது. ஐஸ் சாற்றைத் தொடுவதே இல்லை.

இதனால் ஐஸ் மிச்சமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். அது சரியல்ல. மதியம் 32 டிகிரியில் இருக்கும் 200 மில்லி சாற்றை 8 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அது கிளாசுக்குள் உருகினாலும் பெட்டிக்குள் உருகினாலும் கணக்கு ஒன்றுதான். பெட்டியின் சுவர் வழியாக ஏறும் வெப்பத்தையும் சேர்த்தால் காயிலுக்குக் கொஞ்சம் அதிகமாகவே செலவாகும். உண்மையான வேறுபாடு கிளாசில் இருக்கிறது. கிளாசில் ஐஸ் போட்ட பழைய முறையில் நான் கொடுத்த 250 மில்லி கிளாசில் 200 மில்லி சாறும் 50 மில்லி உருகிய தண்ணீரும் இருந்தன. இப்போது அதே 200 மில்லி சாற்றை, அதே கரும்புச் செலவில், அதே விலைக்கு, தண்ணீர் சேராமல் கொடுக்கிறேன். கிளாஸ் மட்டும் சின்னது. அதற்காக முதல் கோடையில் நான் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல.

ஆனால் நான் எதிர்பாராத ஒரு கூட்டம் கடைக்கு வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐஸ் என்றதும் குளச்சல், முட்டம், சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகங்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் கட்டி கடைக்கும் வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு, அது நியாயமான பயம். உணவைப் பதப்படுத்த மட்டும் பயன்படும் ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் சொன்னது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். ஐஸ் வேண்டாம் என்று சொல்லி வெதுவெதுப்பான சாற்றைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போனவர்கள், இப்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து குளிர்ந்த சாறு குடிக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே இந்தப் பெட்டியை நான் விரும்புகிறேன். சாற்றில் படவில்லை என்றாலும் நான் குடிநீரில் செய்த ஐஸைத்தான் வாங்குகிறேன், ஏனென்றால் அதை அள்ளிப் போடும் கைதான் திருகையும் தொடுகிறது.

பெட்டிக்குள் ஐஸை மட்டும் அடுக்கினால் சாறு சரியாகக் குளிராது; துண்டுகளுக்கு இடையே காற்றுதான் நிற்கும். உருகிய தண்ணீரை வடித்துவிடாமல் சுருள் மூழ்கும் அளவுக்கு விட்டுவைக்க வேண்டும். இன்னும் குளிரட்டும் என்று உப்பைப் போட்டால் குழாய்க்குள் சாறு உறைந்து அடைத்துக்கொள்ளும். சுருளுக்குள் நான்கு கிளாஸ் சாறு நிற்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. முதல் நான்கு கிளாஸ் நன்றாகக் குளிர்ந்து வரும். பஸ் நின்று கூட்டம் இறங்கி, திருகை மூடாமல் பிடித்தால் ஆறாவது கிளாசிலேயே குளிர்ச்சி குறைவது தெரியும். முன்பு பிழிந்த சாறு சுருளில் நிற்பதால்தான் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “மக்ளே, எனக்க கரும்பு அந்தா பெட்டிக்குள்ள போச்சு. நீ தாறது ஆருக்க கரும்பு?” அவர் கேட்டதில் தவறே இல்லை. கண்முன் பிழிந்து வாங்கும் நம்பிக்கைதான் கரும்புச்சாற்றுக் கடையின் மூலதனம். அவருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

இனி அந்த ஒரு சாண் குழாய். சுருள் பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு, திருகுக்கு முன் ஒரு சாண் நீளத்துக்குக் குழாயை நீட்டிவிட்டிருந்தார்கள், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று. பெட்டிக்குள் நிற்கும் சாறு ஐஸ் தண்ணீரின் குளிரில் இருக்கிறது. இந்த ஒரு சாணில் நிற்கும் சாறோ வெயிலில் இருக்கிறது. கரும்புச்சாற்றில் தானாகவே வந்து சேரும் ஒருவகைக் கிருமி, சர்க்கரையை வழவழப்பான பசையாக மாற்றும். சர்க்கரை ஆலைகளுக்கும் அது தீராத தலைவலி. கால் மணி நேரம் ஆள் வராவிட்டால் முதலில் வரும் சாறு நிறம் மங்கி, சூடாக வரும். திருகைக் கழற்றி உள்ளே விரலை விட்டால் மீன் மேல் இருக்கும் வழுவழுப்பு விரலில் ஒட்டும், புளித்த வாடையும் வரும். தினமும் வெந்நீர் விட்டும் அது போகவில்லை, ஏனென்றால் அந்தத் துண்டில் பிரஷ் நுழைய வழியில்லாத ஒரு வளைவு இருந்தது. ஆள் வராத ஒவ்வொரு இடைவெளிக்கும் பிறகு கால் கிளாஸ் சாற்றைக் கீழே ஊற்றினேன். கோடை மழை பிடித்த சாயங்காலங்களில் அது இன்னும் கூடும். செய்து தந்தவர்களிடம் சொன்னபோது, எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

இப்போது அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, பெட்டிச் சுவரை ஒட்டியே திருகு வரும்படி, கையால் கழற்றும் யூனியன் இணைப்பு வைத்து ஆர்கான் வெல்டிங் செய்து வாங்கினேன். வழவழப்பு நின்றுவிட்டது. கடை மூடும்போது மேல் தொட்டியில் குடிநீரை ஊற்றித் தள்ளினால் சுருளில் நிற்கும் நான்கு கிளாசில் மூன்று நல்ல சாறாகவே வந்துவிடுகிறது. நிறம் வெளுக்கத் தொடங்கியதும் நிறுத்தி, மிச்சத்தைக் கொட்டுகிறேன். பிறகு வாஷிங் சோடா கலந்த வெந்நீர், அதன்பின் நல்ல தண்ணீர், கடைசியில் இரண்டு முனையையும் திறந்து வைத்தல். பிளீச்சிங் தண்ணீரை இரவு முழுக்க உள்ளே நிறுத்தக் கூடாது, ஸ்டீலில் புள்ளி புள்ளியாக ஓட்டை விழும். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, சுருளைக் காலியாக்கி, பெட்டியில் தண்ணீர் நிரப்பி, திருகின் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்துத் திருகைத் திறந்துவிட்டுப் போனால் போதும். காலையில் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தால் அந்தச் சுருளில் அன்று சாறு விடக்கூடாது.

பெட்டி செய்தவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சுருளை நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள், அதனால் தண்ணீர் முழுதும் வடிகிறது. படுக்க வைத்த சுருளில் ஒவ்வொரு வளைவின் அடியிலும் ஈரம் நிற்கும். அதை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். என் பெட்டியை யார் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன், ஆனால் விற்கிறபடியே அதை வாங்கி உங்கள் பிள்ளைகளுக்கு அதில் சாறு பிடித்துக் கொடுக்காதீர்கள். திருகைச் சுவரோடு ஒட்டி, கழற்றும்படி வைத்துத் தர அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் முன்பணம் கொடுங்கள். மறுத்தால் குடிநீர் ஐஸை வாங்கி, கிளாசில் போட்டே வியாபாரத்தைத் தொடங்குங்கள்.