கால்அவுட்டுக்குக் கிளிக் வருமா? டாக்ஸி விளம்பரத்தில் எக்ஸ்டென்ஷன் போட்ட அனுபவம்

திண்டுக்கல்லில் இரண்டு கார் வைத்து டிராவல்ஸ் நடத்தும் தம்பி ஒருவர் போன வாரம் கூப்பிட்டார். "அண்ணே, விளம்பரம் பாக்குற ஆளுங்க எக்ஸ்டென்ஷனுக்கு மாசம் ரெண்டாயிரம் தனியாக் கேக்குறாங்க. போட்டா கிளிக் ரெண்டு மடங்குக்கு மேல ஆகும்னு ரிப்போர்ட்டும் அனுப்பியிருக்காங்க. குடுக்கலாமா?" என்றார். எக்ஸ்டென்ஷன் என்றால், கூகுள் தேடலில் வரும் விளம்பரத்துக்குக் கீழே கூடுதலாகச் சேரும் வரிகளும் இணைப்புகளும்.

அந்த ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மதுரை காளவாசலில் எங்கள் குடும்பத்துக்கு டாக்ஸி ஆபீஸ் இருக்கிறது. அதன் கூகுள் விளம்பரத்தை இரண்டு வருடத்துக்கும் மேலாக நானே பார்க்கிறேன். அதற்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஏஜென்சியும் எங்களுக்கு மாதாமாதம் இதே மாதிரி ரிப்போர்ட்தான் அனுப்பும். அதில் ‘கால்அவுட் மூலம் வந்த கிளிக்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். கால்அவுட் என்பது விளம்பரத்துக்குக் கீழே வரும் வெறும் எழுத்து. விரலால் எத்தனை தடவை தொட்டாலும் எங்கேயும் போகாது. அதற்கு எப்படிக் கிளிக் வரும்?

விஷயம் இதுதான். 2022-லிருந்து கூகுள் எக்ஸ்டென்ஷன்களை அசெட் என்று அழைக்கிறது. நம் ஊரில் இன்னும் எல்லாரும் எக்ஸ்டென்ஷன் என்றுதான் சொல்கிறோம். அசெட் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே கிளிக், எத்தனை முறை தெரிந்தது என்ற இம்ப்ரெஷன், கிளிக் விகிதம் என்று எண்கள் இருக்கும். அந்த எண்கள் அந்த அசெட்டுக்கே சொந்தமானவை அல்ல. அது தெரிந்த நேரத்தில் முழு விளம்பரத்துக்கும் கிடைத்த கிளிக்குகள் அவை. சைட்லிங்க் என்பது நம் தளத்தின் வேறொரு பக்கத்துக்குப் போகும் இணைப்பு, ஸ்னிப்பெட் என்பது ஊர்ப் பெயர்கள் மாதிரி ஒரு சிறு பட்டியல். ஆள் தலைப்பைத் தொட்டிருப்பார், அந்தக் கிளிக் கால்அவுட்டின் கணக்கிலும் ஏறும், சைட்லிங்க்கின் கணக்கிலும் ஏறும், ஸ்னிப்பெட்டின் கணக்கிலும் ஏறும். இது மூன்றையும் கூட்டி ஒரு பெரிய எண்ணைப் போட்டு, "எக்ஸ்டென்ஷனால் வந்தது" என்று காட்டினால் அது கணக்கே இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. எக்ஸ்டென்ஷன்கள் எல்லா நேரத்திலும் தெரியாது. எந்த விளம்பரம் மேலே வரும் என்று கூகுள் போடும் கணக்கான ஏட் ரேங்க் நன்றாக இருந்து, பக்கத்தின் மேலே வரும்போதுதான் அவை பெரும்பாலும் விரியும். கீழே வரும் விளம்பரம் மொட்டையாக இரண்டு வரியோடு நிற்கும். மேலே இருப்பது எக்ஸ்டென்ஷன் இல்லாவிட்டாலும் அதிகக் கிளிக் வாங்கும். புரிவதற்காகச் சுற்று எண்ணில் சொல்கிறேன். விளம்பரம் 1000 முறை தெரிந்தது என்று வையுங்கள். அதில் 600 முறை மேலே, சைட்லிங்க்கோடு. 60 கிளிக், அதாவது 10 சதவீதம். மீதி 400 முறை கீழே, ஒன்றும் இல்லாமல். 12 கிளிக், அதாவது 3 சதவீதம். ரிப்போர்ட் எழுதுகிறவர் "சைட்லிங்க் போட்டதால் 3 சதவீதம் 10 ஆனது" என்று எழுதிவிடுவார். ஆனால் அந்த 10-ல் எவ்வளவு இடத்தால் வந்தது, எவ்வளவு சைட்லிங்க்கால் வந்தது என்று இந்த எண்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

முதலில் செய்ய வேண்டியது, கேம்பெய்ன் பட்டியலில் `Click type` என்று பிரித்துப் பார்ப்பது. தலைப்பில் விழுந்த கிளிக் தனி, சைட்லிங்க்கில் விழுந்த கிளிக் தனி என்று வந்துவிடும். எங்கள் கணக்கில் பெரும்பகுதி எப்போதும் தலைப்பில்தான். அடுத்தது `Top vs. Other` என்று பிரித்து, மேலே தெரிந்தவற்றை மட்டும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவது.

நான் அதோடு நிற்கவில்லை. ஒரு வாரம் சைட்லிங்க் ஓடும், அடுத்த வாரம் நிறுத்தி வைப்பேன், அதற்கடுத்த வாரம் மறுபடி ஓடும். டாக்ஸித் தொழிலில் மாதத்தோடு மாதத்தை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் தேடல் குபீரென்று ஏறும், மே மாதம் கொடைக்கானல் ஏறும், சித்திரைத் திருவிழாவில் எல்லாமே தாறுமாறாகிவிடும். அதனால் அந்த வாரங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன்.

கிடைத்த பதில், சைட்லிங்க் ஓடும் வாரங்களில் மேலிடத்துக் கிளிக் விகிதம் நிச்சயமாகக் கூடுகிறது என்பதுதான். ஆனால் மடங்குக் கணக்கில் இல்லை. நூறு பேருக்கு ஒரு கிளிக் கூடும், சில வாரம் இரண்டு. நான்கு சைட்லிங்க் தெரியும்போது கிளிக் விகிதம் சராசரியாக 20 சதவீதம் கூடலாம் என்று கூகுள் 2022-ல் சொன்னது. 10 சதவீதத்தில் 20 சதவீதம் என்றால் 12. எங்களுக்கு வந்ததும் அந்தப் பக்கம்தான். நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2013-லிருந்து ஏட் ரேங்க் கணக்கிலேயே எக்ஸ்டென்ஷனால் வரக்கூடிய பலனும் சேர்கிறது. அதனால் மேலிடத்துக்குப் போவதற்கும் அவை கொஞ்சம் உதவும். அந்த உதவி என் ஒப்பீட்டில் தெரியாது.

சைட்லிங்க்கில் எனக்குக் கிடைத்த நிஜமான சந்தோஷம் வேறு. ஆட்கள் எதற்காகத் தேடுகிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கிறது. `madurai to rameswaram taxi` என்று தேடுகிறவருக்கு ‘ராமேஸ்வரம்’ என்றே ஒரு சைட்லிங்க் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். தலைப்பே அதைச் சொல்லிவிட்டதே. அங்கே ‘ஒருவழிப் பயணம்’ என்று வைத்ததும் தொட ஆரம்பித்தார்கள். காரணம் வாடகைக் கணக்கு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். போகவர என்று கணக்குப் போட்டால் 340-க்குக் காசு. அங்கேயே தங்கப்போகிற குடும்பத்துக்கு முதல் கேள்வியே "ஒருவழிக்கு மட்டும் எவ்வளவு?" என்பதுதான். அடுத்து நன்றாக ஓடுவது ‘தனுஷ்கோடி சேர்த்து’. 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறந்த பிறகு, கார் கடைசி வரை போகுமா என்று கேட்காத ஆளே கிடையாது. முன்பு அந்த இடங்களில் ஏஜென்சி வைத்திருந்தது ‘எங்களைப் பற்றி’, ‘தொடர்புக்கு’. டாக்ஸி பிடிக்க வந்தவர் எங்கள் வரலாற்றைப் படிக்கவா வருவார்?

இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு சைட்லிங்க்கும் அதற்கென்று உள்ள தனிப் பக்கத்துக்குப் போக வேண்டும். ஒரே பக்கத்துக்கு நான்கு பெயர் வைக்க முடியாது. நான் உட்கார்ந்து பக்கங்களை எழுதினேன். அப்புறம், ஊர்ப் பெயர் சைட்லிங்க்குகளை அக்கவுண்ட் மட்டத்தில் போடாதீர்கள். முன்பெல்லாம் கீழ்மட்டத்தில், அதாவது கேம்பெய்னிலோ அதற்குள் இருக்கும் ஏட் குரூப்பிலோ போட்டால் மேல்மட்டத்தில் உள்ளது ஒதுங்கிவிடும். 2022-லிருந்து இரண்டும் கலந்து வரலாம். ராமேஸ்வரம் விளம்பரத்தில் ‘கொடைக்கானல்’ வந்து நிற்கும். ஊருக்கு ஓர் ஏட் குரூப், அதிலேயே அதற்கான சைட்லிங்க் என்று வைப்பதுதான் சரி.

பணம் பற்றி அந்தத் தம்பிக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். இவற்றைச் சேர்க்கக் கூகுளுக்குத் தனிக் காசு கிடையாது. சைட்லிங்க்கைத் தொட்டால் தலைப்பைத் தொட்ட அதே கணக்குதான். ஒரு முறை விளம்பரம் தெரிந்தால் அதில் இரண்டு கிளிக்குக்கு மேல் பிடிக்கவும் மாட்டார்கள். ஒருமுறை உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாதாமாதம் இரண்டாயிரம் எதற்கு?

ஸ்ட்ரக்சர்டு ஸ்னிப்பெட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பட்டியலின் தலைப்பை நாம் எழுத முடியாது, அவர்கள் தரும் பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். எங்களுக்குப் பொருந்தியது `Destinations`. குறைந்தது மூன்று ஊர் வேண்டும். ஊர்ப் பட்டியலுக்கு நடுவே ‘ஏசி கார்’ என்று செருகினால் ஏற்க மாட்டார்கள். போட்டு வைத்தேன், இருக்கிறது. அதனால் கிளிக் கூடியதற்கோ குறைந்ததற்கோ எந்த அறிகுறியும் நான் பார்க்கவில்லை.

தமிழில் விளம்பரம் போடுகிறவர்களுக்கு என்னோடு சேர்ந்து எரிச்சல்பட ஒரு விஷயம் இருக்கிறது. 2018-லிருந்து தமிழில் விளம்பரம் போடலாம். ஆனால் சைட்லிங்க்கும் கால்அவுட்டும் 25 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அந்த எழுத்து நாம் பள்ளியில் எண்ணிய எழுத்து அல்ல. புள்ளி ஒன்று, கால் ஒன்று, கொம்பு ஒன்று என்று எல்லாமே தனித்தனியாக எண்ணப்படும். ‘டிரைவர் பேட்டா சேர்த்த கட்டணம்’ என்பது கண்ணுக்கு இடைவெளியோடு 19. பெட்டியில் அது 30. ‘டிரைவர் பேட்டா உட்பட’ என்று சுருக்கினால் 20, நுழைந்துவிடும். சைட்லிங்க்கின் கீழே வரும் விவர வரிகளுக்கு 35 என்பதால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்குக் கிடைக்கும் இடத்தில் முக்கால்வாசிகூட நமக்குக் கிடைப்பதில்லை. தமிழில் தேடி வருகிறவர்களுக்குத்தான் இந்த விவரங்கள் அதிகம் தேவை என்பது என் அனுபவம். அதனால் இது சும்மா ஒரு குறை என்று விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். மூன்றில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் சைட்லிங்க்கை விட்டுவிட்டுக் கால்அவுட்டைத்தான் வைத்துக்கொள்வேன். கிளிக் விகிதத்தை அது ஏற்றியதாக என் கணக்கில் எங்கும் தெரியவில்லை. ‘தினம் 250 கி.மீ. கட்டணம்’ என்று ஒன்று போட்டபோது கிளிக் குறையத்தான் செய்தது. வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் கணக்கு உண்டு. அழகர்கோயில் வரை போய்வர வண்டி கேட்பவர் அந்த வரியைப் பார்த்ததும் தொடாமல் போய்விடுவார். முன்பு அவர் தொட்டு, நாங்கள் காசு கொடுத்து, போனில் கால் மணி நேரம் பேசி, கடைசியில் "இவ்வளவா?" என்று வைத்துவிடுவார். இப்போது ஆபீஸில் போன் எடுக்கும் அத்தைக்கு பேட்டா விளக்கம் சொல்லும் வேலை பாதியாகக் குறைந்திருக்கிறது, வருகிற அழைப்பில் புக்கிங் ஆவது கூடியிருக்கிறது. கிளிக் விகிதம் மட்டும் போட்ட ரிப்போர்ட்டில் இந்தக் கால்அவுட் நஷ்டமாகத்தான் தெரியும். அப்படி ஒரு ரிப்போர்ட் உங்களுக்கு வந்தால், `Click type` பிரித்து, மேலிடத்துக் கணக்கைத் தனியாக எடுத்து, பக்கத்திலேயே எத்தனை புக்கிங் என்றும் போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.